படியேறும்போது முழங்காலின் முன்பக்கம் வலிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு 17 வயது. தலவாக்கலைக்கு அருகில் தோட்டத்தில் இருக்கிறேன். 1500, 5000 மீற்றர் ஓடுகிறேன். இரண்டு மாதங்களாகப் படியேறும்போதும் இறங்கும்போதும் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒருவர் எலும்பு தேய்ந்துவிட்டது என்கிறார், இன்னொருவர் சில்லு விலகிவிட்டது என்கிறார், பயிற்றுநர் தட்டைப் பாதம்தான் காரணம் என்கிறார். ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

தம்பி, ஓட்டத்தை விட வேண்டியதில்லை. ஆனால் சில வாரங்களுக்கு அதன் அளவையும் ஓடும் இடத்தையும் மாற்றியாக வேண்டும். உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று காரணங்களில் முதலாவது உங்கள் வயதில் பெரும்பாலும் தவறானது. மற்ற இரண்டும் சிலருக்கு ஓரளவு பொருந்தினாலும், வலி ஏன் இரண்டு மாதங்களுக்கு முன்பு தொடங்கியது என்பதை அவை விளக்குவதில்லை. பாதமும் சில்லும் பிறந்ததிலிருந்து உங்களுடன்தான் இருக்கின்றன. அண்மையில் எது மாறியது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மலையகத்தில் ஓடும் பிள்ளைகளின் முழங்கால்களை இயன்மருத்துவராகப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்; இந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் அவர்களது பயிற்சிக் குறிப்பிலும் அவர்கள் வீட்டுக்கு ஏறிப்போகும் படிக்கட்டிலும் கிடைத்துவிடுகிறது.

வலி ஏன் படிக்கட்டில் வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதிலிருந்து விளங்கும். முழங்காற்சில்லு தனியாக மிதக்கும் ஒரு சிறிய எலும்பு. தொடையின் முன்தசை மேலிருந்து அதைப் பிடித்திருக்கிறது. கீழே ஒரு தடித்த தசைநாண் அதைக் கணைக்கால் எலும்புடன் கட்டியிருக்கிறது. கிணற்றுக் கப்பியில் கயிறு மடங்கிச் செல்வதைப் போல, முழங்கால் மடங்கும்போது இந்த இழுவை சில்லின் மேலாக வளைந்து செல்கிறது. கால் நேராக இருக்கும்போது மேல் இழுவையும் கீழ் இழுவையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருப்பதால், சில்லைப் பின்னோக்கி அழுத்தும் விசை குறைவு. முழங்கால் மடங்க மடங்க, இரண்டு இழுவைகளும் சேர்ந்து சில்லைத் தொடையெலும்பின் பள்ளத்துக்குள் அழுத்துகின்றன. சமதரையில் நடக்கும்போது அந்த அழுத்தம் உடல் எடையின் பாதியளவு என்றும், படியேறி இறங்கும்போது உடல் எடையின் மூன்று மடங்குக்கும் மேல் என்றும், முழுதாகக் குந்தும்போது ஏழெட்டு மடங்கு என்றும் கணித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும்; ஆனால் அவற்றுக்கிடையிலான இடைவெளி பெரியது என்பதில் ஐயமில்லை. 50 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் வைக்கும் ஓர் அடிக்குச் சில்லின் பின்புறத்தில் 25 கிலோ அளவு அழுத்தம் விழுந்தால், ஒரு படிக்கு 150 கிலோவுக்கு மேல் விழுகிறது.

நகரத்துக் கட்டடங்களில் ஒரு படியின் உயரம் 15 முதல் 18 சென்ரிமீற்றர் வரை இருக்கும். தோட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கற்படிகளும், தேயிலை மலைக்குள் மண்ணை வெட்டி அமைத்த படிகளும் அப்படிப்பட்டவை அல்ல. சில ஒரு முழ உயரத்தை நெருங்கும்; ஒன்றுபோல் இன்னொன்று இராது. படி உயர்ந்தால் முழங்கால் அதிகம் மடங்க வேண்டும், அதனால் அழுத்தமும் கூடும். இறங்கும்போது வலி கூடுவதற்கும் காரணம் உண்டு: மேலே நிற்கும் கால் முழு உடலையும் மெதுவாகக் கீழே விட வேண்டியிருப்பதால், முன்தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. மலைச்சரிவில் இறக்கமாக ஓடுவதும் இதே வேலைதான், வேகம் மட்டும் கூடுதல்.

இனி, உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்களுக்கு வருகிறேன்.

எலும்புத் தேய்மானம் என்ற சொல் நம் ஊரில் மிக எளிதாகச் சொல்லப்படுகிறது. அதைக் கேட்ட ஒரு பிள்ளை எவ்வளவு பயந்துபோகிறது என்பதைச் சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. சில்லின் பின்புறத்தை மூடியிருப்பது கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. அது மென்மையாகிவிட்டது, கரைந்துவிட்டது என்பதுதான் முன்பு மருத்துவ நூல்களிலும் இந்த வலிக்குக் கூறப்பட்ட விளக்கம். ஆனால் கசியிழையத்தில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. 1998 இல் ஸ்கொட் டை என்ற அமெரிக்க எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் இதைத் தம் உடலிலேயே சோதித்து எழுதினார். மூட்டின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்யாமல், தோலை மட்டும் மரக்கச்செய்து, சக மருத்துவர் ஒருவரைக்கொண்டு தமது முழங்காலுக்குள் கருவியைச் செலுத்தி ஒவ்வொரு பகுதியையும் தொடச் செய்தார். சில்லின் கசியிழையத்தைத் தொட்டபோது அவருக்கு வலியே தெரியவில்லை. மூட்டின் உட்சவ்வையும், சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு மெத்தையையும் தொட்டபோது கடுமையாக வலித்தது. வலியுள்ளவர்களையும் வலியற்றவர்களையும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்ட பிற்கால ஆய்விலும், கசியிழையத்தின் நிலையை வைத்து இரு சாராரையும் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே, படியில் உங்களுக்கு வலிப்பது தேய்ந்துபோன ஒன்று அல்ல. மிகையான சுமையால் எரிச்சலடைந்திருக்கும் சவ்வு, கொழுப்பு மெத்தை, சில்லின் உள்ளெலும்பு ஆகியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எரிச்சல் தணியக் கூடியது. ஏறும்போது ‘கறகற’ என்று சத்தம் கேட்டாலும், வலியும் வீக்கமும் அதனுடன் சேர்ந்து வராவிட்டால் அந்தச் சத்தத்துக்காகப் பயப்பட வேண்டாம்.

சில்லு விலகிவிட்டது என்பது இரண்டாவது விளக்கம். உண்மையாகவே சில்லு வெளியே வழுக்கிப்போய்த் திரும்பும் நிலை ஒன்று உண்டு. அது நேர்ந்தவருக்கு அந்த நாளும் நேரமும் மறக்காது, முழங்கால் உடனே வீங்கியிருக்கும். அப்படி ஏதும் நடக்காமல், சில்லு சற்று வெளிப்புறமாக ஓடுகிறது என்று சொல்லப்படுவது வேறு. நானும் தொழிலுக்கு வந்த ஆரம்பத்தில் தொடையின் உட்பக்கத் தசை பலவீனமாக இருக்கிறது, அதனால் சில்லு வெளியே இழுபடுகிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தத் தசையை மட்டும் தனியாக வலுப்படுத்த முடியாது என்பதும், முன்தசை முழுவதையும் வலுப்படுத்தினாலே அதே பலன் கிடைக்கிறது என்பதும் பிறகுதான் எனக்குத் தெளிவானது. தட்டைப் பாதத்தைப் பொறுத்தவரை, தட்டைப் பாதத்துடன் வலியின்றி ஓடுபவர்கள் ஏராளம். சப்பாத்துக்குள் வைக்கும் மெத்தை சிலருக்கு முதல் ஆறு வாரங்கள் அளவில் வலியைக் குறைக்கிறது. அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

சிறிது காலத்துக்கு முன் என்னிடம் வந்த 16 வயது மாணவி ஒருவரின் கதை உங்களுடையதை மிகவும் ஒத்திருப்பதால், அதை விவரமாகச் சொல்கிறேன். வலய மட்டத்தில் தேர்வாகி, மாகாண மட்டப் போட்டிக்குத் தயாராகிக் கொண்டிருந்தார். அதுவரை வாரத்தில் மூன்று நாட்கள் நான்கு கிலோமீற்றர் வீதம், மொத்தம் 12 கிலோமீற்றர் ஓடியவர், தேர்வான மூன்றே வாரங்களில் ஆறு நாட்கள் ஐந்து கிலோமீற்றர் வீதம், 30 கிலோமீற்றருக்கு வந்துவிட்டார். அந்த ஐந்தில் இரண்டு கிலோமீற்றர் மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் தோட்டப் பாதை. இவற்றுடன் வாரம் இரண்டு நாட்கள் கோயில் படிக்கட்டில் ஏறியோடும் பயிற்சியும் சேர்ந்தது. இவை பயிற்சிக் குறிப்பில் இருந்தன. குறிப்பில் இல்லாதது ஒன்று இருந்தது: அவரது லயத்திலிருந்து வீதிக்கு 140 படிகள். பாடசாலைக்கு ஒரு தடவையும், மாலை வகுப்புக்கு ஒரு தடவையும், கடைக்கு ஒரு தடவையுமாக நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்கினார். கணக்குப் போட்டால் 840 படிகள், ஒரு முழங்காலுக்கு 420. பாடசாலைப் பையை நிறுத்துப் பார்த்தோம். ஏழு கிலோ இருந்தது. படிகள் எப்போதும் இருந்தவைதான். அவற்றை அவரது முழங்கால் முன்பு தாங்கியது. அவற்றின் மேல் ஓட்டம் இரண்டரை மடங்காக ஏறியபோதுதான் தாங்க முடியாமல் போனது.

வலி வந்ததும் யாரோ முழு ஓய்வு சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் ஓடாமல் இருந்தார், சுளுக்கு வழித்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், வலி நின்றது. ஒரு மாதம் கழித்து ஐந்து கிலோமீற்றர் ஓடிய முதல் நாளே பழைய வலி திரும்பியது. இதை நான் அடிக்கடி காண்கிறேன். ஓய்வில் எரிச்சல் தணிகிறது என்பது உண்மை. அதே ஒரு மாதத்தில் தொடைத் தசையின் வலுவும் குறைகிறது. எனவே, முழங்கால் தாங்கக்கூடிய அளவு முன்பைவிடக் குறைந்திருக்கும்போது பழைய சுமையையே அதன் மேல் ஏற்றிவிடுகிறோம்.

அவரைச் சோதித்தபோது வீக்கம் இல்லை. வலி எங்கே என்று கேட்டதற்கு ஒரு விரலால் காட்டாமல், உள்ளங்கையால் சில்லைச் சுற்றித் தடவிக் காட்டினார். இந்த வலி உள்ளவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் காட்டுவார்கள். பாதிவரை குந்தச் சொன்னேன், வலித்தது. மாலை வகுப்பில் நீண்ட நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாலும் வலிப்பதாகச் சொன்னார். நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எழும்பச் சொன்னபோது, நல்ல காலில் 13 தடவையும் வலிக்கும் காலில் 6 தடவையும் எழும்ப முடிந்தது. இந்தக் கடைசிச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். வலிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு கால்களின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். பிறகு முன்னேற்றத்தை அளக்க இதைவிட எளிய வழி இல்லை.

வலியை 0 முதல் 10 வரை அவரே மதிப்பிடுவது என்று முடிவு செய்தோம். ஓடும்போது வலி 2 ஐத் தாண்டக் கூடாது. ஓடி முடித்த ஒரு மணித்தியாலத்துக்குள் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்று மீறப்பட்டால் அடுத்த ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். இந்த விதி என் கற்பனையல்ல. கனடாவில் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், இதே வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இத்தகைய சுமைக் கட்டுப்பாட்டை மட்டும் கற்பித்தார்கள். மற்ற இரண்டு குழுக்களில் ஒன்றுக்கு அதனுடன் தசைப் பயிற்சியையும், மற்றதற்கு ஓடும் முறையை மாற்றும் பயிற்சியையும் சேர்த்தார்கள். எட்டு வாரங்களில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின. தசைப் பயிற்சி வேண்டாம் என்று நான் இதற்குப் பொருள் கொள்வதில்லை. சுமையைச் சரிசெய்யாமல் செய்யும் பயிற்சி பயனற்றது என்றே கொள்கிறேன். அந்த மாணவிக்கு ஒரு கால் மற்றதன் பாதி வலுவில் இருந்ததால் இரண்டையும் கொடுத்தேன்.

முதல் இரண்டு வாரங்கள் பாடசாலை மைதானத்தில் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை என்று பத்துச் சுற்று. இறக்க ஓட்டமும் கோயில் படிப் பயிற்சியும் நிறுத்தப்பட்டன. அவர் நிமிடத்துக்கு 160 அடிகள் வைத்து, நீண்ட எட்டாக ஓடுவதைக் கவனித்தேன். அதே வேகத்தில் எட்டைச் சுருக்கி 172 அடிகள் வைக்கப் பழக்கினோம். அடி எண்ணிக்கையைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் சில்லின் மேல் ஒவ்வோர் அடிக்கும் விழும் அழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது. கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணினால் போதும்.

லயத்துப் படிகளை நிறுத்த முடியாது. எனவே, ஏறும் விதத்தை மாற்றினோம். பாதம் முழுவதையும் படியில் பதித்து, நெஞ்சைச் சற்று முன்னே சாய்த்து ஏறும்போது, வேலையின் ஒரு பகுதி முழங்காலிலிருந்து இடுப்புத் தசைக்கு மாறுகிறது. கொழுந்துக் கூடையுடன் மலையேறும் நம் அம்மாமாரைக் கவனியுங்கள். ஒருவரும் நிமிர்ந்து ஏறுவதில்லை. வலி கூடிய நாட்களில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கடைக்குப் போகும் வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். பையிலிருந்து அன்றைக்கு வேண்டாத புத்தகங்கள் வெளியே போயின. நாளுக்கு 280 படிகள் குறைந்தன.

வாரம் மூன்று நாட்கள் செய்த பயிற்சிகள் நான்குதான். சுவரில் முதுகைச் சாய்த்து வலிக்காத ஆழம்வரை குந்தி எழுவது. பக்கவாட்டில் படுத்து மேற்காலை நேராக உயர்த்துவது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துவது. பத்து சென்ரிமீற்றர் பலகையில் மெதுவாக ஏறி இறங்குவது. ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, மூன்று முறை. கடைசித் தடவைகள் கடினமாக இருக்க வேண்டும்; எளிதாகிவிட்டால் பலகையை உயர்த்த வேண்டும், அல்லது புத்தகம் நிறைந்த பையைச் சுமக்க வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு தடங்கல் வந்தது. வலி 1 க்கு இறங்கியிருந்ததால், பஸ்ஸைப் பிடிக்க 140 படிகளையும் ஓடி இறங்கிவிட்டார். அன்று மாலை வலி 5. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தார். வீக்கம் இல்லாததால், இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்தி, முந்தைய வார அளவிலிருந்து மீண்டும் தொடங்கினோம். ஐந்து நாட்களில் வலி 1 க்கு வந்தது. இத்தகைய ஏற்றம் புதிய காயம் அல்ல என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தேன். எட்டாவது வாரத்தில் தொடர்ச்சியாக நான்கு கிலோமீற்றர் சமதரையில் ஓடினார். ஒற்றைக் காலால் 11 தடவை எழும்பினார். அதன் பிறகே இறக்கத்தை 200 மீற்றரிலிருந்து கூட்டினோம். அந்த வருட மாகாணப் போட்டி தவறிப்போனது. பதினான்காவது வாரத்தில் பழைய வேகத்தில் 1500 மீற்றர் ஓடினார். உயரமான படிகளில் வலி எப்போதாவது எட்டிப்பார்த்தது.

முழங்காலுக்கு மாட்டும் உறை, ஒட்டும் பட்டி ஆகியவை சிலருக்குத் தற்காலிகமாக வலியைக் குறைக்கும். அந்த அளவுக்குப் பயன்படுத்தலாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம், ஏனெனில் மேலே சொன்ன 2 என்ற எல்லையை அது மறைத்துவிடும்.

நான் சொன்னவை உங்கள் வலி இந்த வகையைச் சேர்ந்தது என்றால்தான் பொருந்தும். சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் மேட்டில் ஒரே இடத்தில் தொட்டால் வலித்தால், அது வளரும் வயதில் தசைநாண் எலும்புடன் சேரும் இடத்து வலி. சில்லின் கீழ்நுனியில் மட்டும், குதிக்கும்போது வலித்தால், அது தசைநாணின் வலி. முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலித்தால் அதுவும் வேறு. இவற்றில் அவசரம் இல்லை, சிகிச்சை மட்டும் மாறும். ஆனால் இடுப்பு மூட்டை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. பத்து வயதிலிருந்து பதினாறு பதினேழு வயதுவரை, தொடையெலும்பின் மேல்முனை வளர்ச்சித் தட்டில் நழுவும் நோய் ஒன்று உண்டு. அதன் வலி இடுப்பில் தெரியாமல் முழங்காலில் மட்டும் தெரியலாம். முழங்கால் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். மல்லாந்து படுத்து, இடுப்பையும் முழங்காலையும் செங்கோணமாக மடக்கி, முழங்காலை அசைக்காமல் பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாகக் குறைவாகத் திரும்பினாலோ, அங்கே வலித்தாலோ, நொண்டி நடந்தாலோ, அந்தக் காலை ஊன்றாமல் அன்றே வைத்தியசாலைக்குச் சென்று இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, வீக்கம், காய்ச்சல், முழங்கால் இறுகி நீட்ட முடியாமல் போவது ஆகியவை இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அவை இல்லையென்றால், இன்று மாலையே கடந்த மூன்று மாத ஓட்டக் கணக்கை ஒரு தாளில் எழுதி, உங்கள் லயத்துப் படிகளை எண்ணி அதன் கீழே குறித்து, அதைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.